கையில் இல்லாத சேலைக்கு டெலிவரி தேதி சொல்வது எப்படி?

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே சேலை விற்கிறேன். பெரும்பாலும் சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்யும் சாஃப்ட் சில்க். என் வீட்டில் ஸ்டாக் கிடையாது. சப்ளையர் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் படத்தை நான் என் குரூப்பில் போடுவேன். ஆர்டர் வந்தால் அவருக்குப் பணம் அனுப்புவேன், அவர் வாடிக்கையாளர் முகவரிக்கே பார்சல் போடுவார். இதுதான் டிராப்ஷிப்பிங். இதோடு கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க்கும் எடுக்கிறேன். அது ஆர்டர் வந்த பிறகே தயாராகும் பொருள்.

இரண்டிலும் பொருள் கையில் இல்லை. வாடிக்கையாளருக்கு நான் உண்மையில் முதலில் விற்பது ஒரு தேதியைத்தான். சேலை நன்றாக இருந்தும் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கு அது வீண். ஆரம்பத்தில் எனக்கு அப்படி ஒன்று நடந்தது. சப்ளையர் 'நாளைக்கே அனுப்பிடுறேன்' என்றார், நானும் அதையே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். சேலை ஐந்தாம் நாள்தான் கிளம்பியது. அந்த அக்கா வளைகாப்புக்கு வேறு சேலை கட்டிக்கொண்டு நின்ற படத்தை எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதற்குப் பிறகுதான் தேதி சொல்லும் முறையை உட்கார்ந்து யோசித்தேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பொருள் எத்தனை கை மாறுகிறது என்று எழுதிப் பாருங்கள்

வெறும் சேலை என்றால் இரண்டு கைதான். சப்ளையர், கூரியர். ஆரி பிளவுஸோடு சேலை என்றால் நான்கு பேர்: சப்ளையர், ஆரி போடுபவர், தையல்காரர், கூரியர். இதில் கூரியர் இரண்டு முறை வருகிறார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு இடத்தில் தவறாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பிளவுஸ் துணி பெரும்பாலும் சேலையோடு சேர்ந்தே வரும், அதை வெட்டி எடுத்தால்தான் ஆரி போட முடியும். அதனால் சேலை முதலில் நம் கைக்கு வந்தாக வேண்டும். சப்ளையரிடமிருந்து நேராக வாடிக்கையாளருக்குப் போகும் வழி இங்கே கிடையாது. ஆரியும் துணியைத் தைக்கும் முன்பே போட வேண்டிய வேலை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அளவைக் குறித்து, டிசைனைப் பதித்து, ஜர்தோசியும் மணியும் கோத்து முடித்த பிறகுதான் தையல்காரர் வெட்டுவார். ஒருவர் முடிக்காமல் அடுத்தவர் தொடங்க முடியாது. ஃபால்ஸ் அடிப்பது, குச்சு கட்டுவது இரண்டு மட்டும் ஆரி நடக்கும்போதே சேலையில் தனியாக ஓடும்.

எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் சொல்லும் எந்தத் தேதியும் ஊகம்தான்.

இரண்டாம் படி: அவர்கள் சொல்லும் நாளையும் ஆகும் நாளையும் தனித்தனியே குறியுங்கள்

சப்ளையர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள் ஆகுமோ அதைச் சொல்கிறார். நமக்குத் தேவை வேறு: பத்து ஆர்டரில் ஒன்பது எத்தனை நாளுக்குள் முடிகிறது?

இதற்கு ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஆர்டருக்கும் பணம் அனுப்பிய தேதி, பார்சல் உண்மையில் கூரியர் கைக்குப் போன தேதி, வந்து சேர்ந்த தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். இருபது ஆர்டர் சேர்ந்ததும் உங்கள் சப்ளையரின் குணம் தெரிந்துவிடும். என் நோட்டில் ஒரு சப்ளையருக்கு இருபதில் பன்னிரண்டு மறுநாளுக்குள் கிளம்பின. பதினெட்டு மூன்று வேலை நாளுக்குள் கிளம்பின. மீதி இரண்டுக்கு ஐந்து நாள் ஆயின. சராசரி எடுத்தால் ஏறக்குறைய இரண்டு நாள் வரும். அதை வாடிக்கையாளரிடம் சொன்னால் பலர் தேதி தாண்டிக் காத்திருக்க வேண்டிவரும். அதனால் நான் எடுத்துக்கொள்ளும் எண் மூன்று.

புதிய சப்ளையர் என்றால் நோட்டில் எதுவும் இருக்காது. அப்போது நமக்கே இரண்டு சேலை ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஒன்று சாதாரண நாளில், இன்னொன்று முகூர்த்த நெரிசலில். அந்தச் சேலைகளை அப்புறம் விற்றுக்கொள்ளலாம். இப்படிப் போடும்போது இன்னொன்றும் தெரியவரும்: பார்சலுக்குள் சப்ளையர் தன் பில்லை, தன் விலையோடு வைக்கிறாரா என்று. வைத்தால் வாடிக்கையாளர் அடுத்த முறை நேராக அவரிடமே போவார், நம்மிடம் விலை பற்றியும் கேட்பார். பில் யார் பெயரில் போகும், அனுப்புநர் பெயர் என்ன என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

பண்டிகையையும் நோட்டில் குறியுங்கள். சேலத்தில் ஆடியில் மாரியம்மன் பண்டிகை, தையில் பொங்கல், சில ஊர்களில் அமாவாசையன்று தறி ஓடாது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஆரி போடுபவர் சும்மா இருப்பார். ஆவணி பிறந்ததும் அதே ஆள் போனை எடுக்கவே நேரமில்லாமல் இருப்பார். ஆடியில் எடுத்த கணக்கை ஆவணிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாம் படி: பணம் வாங்கும் முன் அந்தச் சேலையை நிறுத்தி வையுங்கள்

ஒரே சேலைப் படம் ஒரே நேரத்தில் ஐம்பது ரீசெல்லர்களின் குரூப்பில் ஓடும். பலவும் சிங்கிள் பீஸ். உங்கள் வாடிக்கையாளர் 'எனக்கு வேணும்' என்று சொல்லும்போது அது ஏற்கெனவே போயிருக்கலாம். பணம் வாங்கிவிட்டு 'சோல்ட் அவுட் ஆயிடுச்சு, வேற கலர் பாருங்க' என்று சொல்வதைப்போல நம்பிக்கையைக் கெடுக்கும் காரியம் இந்தத் தொழிலில் வேறில்லை.

நான் செய்வது இது. ஆர்டர் வந்ததும் படத்தைச் சப்ளையருக்கு அனுப்பி, இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், பீஸைக் கையில் எடுத்து இன்றைய தேதியோடு ஒரு போட்டோ போடச் சொல்வேன். எத்தனை மணி வரை எனக்காக வைத்திருப்பார் என்றும் கேட்டுக்கொள்வேன். அந்தப் போட்டோ வந்த பிறகுதான் வாடிக்கையாளருக்குப் பணம் செலுத்தும் விவரம் போகும். இதில் அரை நாள் போகும். சில ஆர்டரும் போகும். போகட்டும்.

போட்டோ அனுப்ப மறுக்கும் சப்ளையர் பெரும்பாலும் அவரே இன்னொரு ரீசெல்லர்தான். அவருக்குப் பின்னால் வேறொரு சப்ளையர் இருப்பார். நமக்குத் தெரியாமல் ஒரு கை கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் படி: தேதியைக் கணக்கிடுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 1ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ஓர் அக்கா கேட்கிறார். 24ஆம் தேதி ஞாயிறு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சேலையும், கழுத்திலும் கையிலும் ஆரி போட்ட பிளவுஸும் வேண்டும்.

எல்லோரும் வாயால் சொன்ன நாளை வைத்துப் போட்டால் கணக்கு இப்படி ஓடும். சேலை 2ஆம் தேதி சனி கிளம்பி, 4ஆம் தேதி திங்கள் என்னிடம் வரும். ஆரிக்கு நான்கு நாள், 8ஆம் தேதி வெள்ளி முடியும். தையலுக்கு இரண்டு நாள், ஞாயிறு விடுமுறை போக 11ஆம் தேதி திங்கள். அன்று மாலையே அனுப்பினால் 13ஆம் தேதி புதன் மதுரையில். விசேஷத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறதே என்று யாருமே ஒப்புக்கொள்வோம்.

இப்போது நோட்டில் இருக்கும் எண்களைப் போடுவோம். ஸ்டாக் உறுதியாவது 2ஆம் தேதி சனி. சப்ளையருக்கு மூன்று வேலை நாள், அதனால் கிளம்புவது 6ஆம் தேதி புதன். என்னிடம் வருவது 8ஆம் தேதி வெள்ளி. சேலையைப் பிரித்து, கறை, இழை அறுந்திருப்பது எல்லாம் பார்த்து, பிளவுஸ் துணியை வெட்டி ஆரிக்குக் கொடுப்பது 9ஆம் தேதி சனி. நோட்டின்படி இந்த அளவு வேலைக்கு அவருக்கு ஏழு நாள் ஆகிறது. ஞாயிறும் வேலை செய்பவர், ஆக 16ஆம் தேதி சனி. தையலுக்கு மூன்று வேலை நாள், 20ஆம் தேதி புதன். 21ஆம் தேதி வியாழன் அனுப்பினால் 23ஆம் தேதி சனி மதுரையில்.

விசேஷத்துக்கு முந்தின நாள் வருகிறது. வந்துவிடுகிறதே என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பிளவுஸ் என்பது போட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய பொருள். கை இறுக்கமாக இருந்தால் உள்ளூர்த் தையல்காரரிடம் பிரித்துத் தைக்கக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அப்படியென்றால் 21ஆம் தேதிக்குள் அவர் கையில் இருந்தாக வேண்டும். நம் கணக்கு இரண்டு நாள் பின்தங்குகிறது.

அதோடு, நான்கு பேரில் ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது முறை தேதியைக் காப்பாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேரும் ஒரே ஆர்டரில் காப்பாற்றுவது நூற்றுக்கு 66 முறைதான். 0.9-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். ஒருவர் சீக்கிரம் முடித்தால் அடுத்தவருக்கு நாள் மிச்சமாகாதா என்று கேட்கலாம். சில நேரம் ஆகும். ஆனால் தையல்காரரிடம் வரிசை இருக்கும். துணி இரண்டு நாள் முன்னால் வந்ததற்காக அவர் நம் வேலையை முன்னால் எடுக்க மாட்டார். தாமதம் மட்டும் அப்படியே அடுத்தவரிடம் போய்ச் சேரும்.

ஆகவே அந்த அக்காவிடம் 'ஆகாது' என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், எது ஆகும் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. ஆரியைக் கையில் மட்டும் வைத்தால் மூன்று நாளில் முடிகிறது. 9ஆம் தேதி கொடுத்தால் 12ஆம் தேதி செவ்வாய், தையல் 15ஆம் தேதி வெள்ளி, 16ஆம் தேதி அனுப்பினால் 18ஆம் தேதி, நடுவில் ஞாயிறு வருவதால் தள்ளிப்போனாலும் 19ஆம் தேதி மதுரையில் இருக்கும். இரண்டாவது வழி, சேலையை நேராக மதுரைக்கே அனுப்பி, பிளவுஸை அங்கேயே தைத்துக்கொள்ளச் சொல்வது. எனக்கு வருமானம் குறையும், தேதி பத்திரமாக இருக்கும். மூன்றாவது, தனித் துணி வாங்கி இன்றே ஆரியைத் தொடங்குவது. நாள் நிறைய மிச்சமாகும், ஆனால் சேலை கையில் இல்லாமல் போட்டோவைப் பார்த்து நிறம் சேர்க்க வேண்டும். போனில் அரக்காகத் தெரிவது நேரில் மெரூனாக இருக்கும். கான்ட்ராஸ்ட் நிறம் கேட்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

ஐந்தாம் படி: சொல்லும் வாசகத்தைச் சரியாக எழுதுங்கள்

'ஏழு நாளில் டெலிவரி' என்று பொதுவாகப் போடுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. எந்த நாளிலிருந்து ஏழு? கிளம்புவதா, வந்து சேர்வதா? நான் இப்படி எழுதுகிறேன்:

'அக்கா, சேலை எங்களிடம் ஸ்டாக் இல்லை, நெசவு செய்யும் ஊரிலிருந்து வரும். பணமும் பிளவுஸ் அளவும் நாளை மாலைக்குள் வந்தால், பார்சல் 16ஆம் தேதி கிளம்பும், 19ஆம் தேதிக்குள் உங்களிடம் வரும். 13ஆம் தேதி வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று போட்டோ அனுப்புகிறேன். அன்றைக்கு நேரமாகும்போலத் தெரிந்தால் முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.'

ஸ்டாக் இல்லை என்று சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் போனவர்கள் மிகக் குறைவு. அளவு வரவேண்டிய நாளையும் இதிலேயே எழுதுவது முக்கியம். அளவு மூன்று நாள் கழித்து வந்தால் தேதியும் மூன்று நாள் நகரும் என்று அப்போதே புரிந்துவிடும்.

ஆறாம் படி: ஆர்டர் போன பிறகு எங்கே பார்க்க வேண்டும்

டிராக்கிங் நம்பர் வந்துவிட்டதால் பார்சல் கிளம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. சப்ளையர் கூரியர் லேபிள் அடித்தவுடனே நம்பர் உருவாகிவிடும். பார்சல் அவர் மேசையிலேயே இருக்கலாம். சிலர் நம்மை அமைதிப்படுத்தவே நம்பரை முன்னால் அனுப்பிவிடுவார்கள். நம்பர் வந்து 24 மணி நேரத்துக்குப் பிறகும் கூரியர் பார்சலை எடுத்ததற்கான பதிவு ஒன்றுகூட இல்லையென்றால் போன் செய்யுங்கள். அந்த நம்பரை வாடிக்கையாளருக்கு அனுப்புவதும் முதல் பதிவு விழுந்த பிறகே.

ஆரியில் பார்க்க வேண்டிய இடம் முதல் நாள். துணி சட்டத்தில் ஏறிவிட்டதா என்று ஒரு போட்டோ கேளுங்கள். ஏறிவிட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும், ஏனென்றால் சட்டத்தில் கிடக்கும் துணி அவருடைய அடுத்த வேலையை மறிக்கும். ஏறவில்லையென்றால் உங்களுக்கு முன்னால் வேறு கல்யாணம் ஓடுகிறது. 'பாதி முடிஞ்சிடுச்சு' என்ற பதிலைவிட அந்த ஒரு போட்டோ அதிகம் சொல்லும்.

பார்சல் ஊருக்குப் போன பிறகும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை என்று கூரியர்காரர் பதிவு போட்டால், சில முயற்சிகளுக்குப் பிறகு பார்சல் அனுப்பிய முகவரிக்கே திரும்பிவிடும். டிராப்ஷிப்பிங்கில் அந்த முகவரி சப்ளையருடையது. நமக்குத் தகவலே வராது. அதனால் 'டெலிவரிக்குக் கிளம்பியது' என்று பதிவு வரும் அன்று வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: தாமதமானால்

தாமதம் தெரிந்த அன்றே சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். புதிய தேதி ஒன்றையும், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் ஒரே செய்தியில் கொடுங்கள். புதிய தேதி முன்னதைவிட உறுதியாக இருக்க வேண்டும். இரண்டாவது முறையும் தள்ளிப்போனால் அதற்கு மேல் அவர்கள் எதையும் நம்ப மாட்டார்கள்.

இது நாம் தயவாகச் செய்வது என்று நினைக்க வேண்டாம். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் வந்தால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்கின்றன. வெள்ளம் போல நம் சக்திக்கு மீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்குத்தான் விலக்கு. தொடர்ந்து தொழிலாகச் செய்பவர்களுக்கு இது பொருந்தும். 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று குரூப்பில் எழுதிப் போட்டிருப்பதால் தப்பிக்க முடியாது. வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 'சப்ளையர் லேட் பண்ணிட்டார்' என்பதும் அங்கே எடுபடாது. பணம் வாங்கியதும் தேதி சொன்னதும் நாம்தான்.

அமெரிக்காவில் இதற்கு 1975-லிருந்தே ஒரு விதி இருக்கிறது. அஞ்சலில் பொருள் விற்பவர்களுக்காக வந்து, பிறகு இணைய விற்பனைக்கும் நீண்டது. தேதி சொல்வதற்கு விற்பவரிடம் நியாயமான அடிப்படை இருக்க வேண்டும், தேதியே சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் தகவல் சொல்லி ஆர்டரை ரத்து செய்யும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த 'நியாயமான அடிப்படை' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் நோட்டு செய்யும் வேலை அதுதான்.

எட்டாம் படி: திருப்பித் தரும் பணத்தைத் தனியே வையுங்கள்

ஸ்டாக் இல்லாத தொழிலுக்கு முதலீடு வேண்டாம் என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒரு சேலைக்குச் சப்ளையர் விலை 1,150 ரூபாய், அனுப்பும் செலவு 80, நான் விற்பது 1,450. மிஞ்சுவது 220. சேலை தாமதமாகிவிட்டது, வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார். அவருக்கு 1,450-ஐயும் உடனே கொடுத்தாக வேண்டும். திரும்பி வர இன்னொரு 80. சப்ளையர் பல நேரம் சேலையைத் திரும்ப எடுக்க மாட்டார், எடுத்தாலும் பணமாகத் தராமல் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வார். ஆக என் கையிலிருந்து போனது 1,310 ரூபாய். ஆறு சேலையின் லாபம். சேலை என் வீட்டில் இருக்கும், அதை விற்றுப் பணமாக்க எத்தனை நாளோ.

ஆரி பிளவுஸ் என்றால் இன்னும் மோசம். இன்னொருவரின் அளவில் தைத்ததை யாருக்கும் விற்க முடியாது, சேலையிலும் பிளவுஸ் துணி இல்லை. அதனால் ஆரி ஆர்டரில் முன்பணத்தை இரண்டாகப் பிரித்து வாங்குகிறேன். முதலில் சேலைக்கு மட்டும். சேலை என் கைக்கு வந்து, தேதி இன்னமும் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே துணியை வெட்டுவேன், ஆரிக்கான பணத்தையும் அப்போதுதான் கேட்பேன். வெட்டும் வரை இருவருக்கும் பின்வாங்க வழி இருக்கிறது. மேலே சொன்ன மதுரை ஆர்டரில் அந்த நாள் 9ஆம் தேதி. அன்று சேலை வராமல் 11ஆம் தேதி வந்தால், வெட்டும் முன் அந்த அக்காவுக்குப் போன் செய்து, தேதி 21-ஐத் தொடுகிறது, ஆரி வேண்டுமா, இல்லை சேலையை அப்படியே அனுப்பவா என்று கேட்பேன்.

ஒரே நேரத்தில் எத்தனை ஆரி ஆர்டர் எடுக்கலாம் என்பதற்கும் என்னிடம் ஓர் எல்லை உண்டு. ஆரி போடுபவர் ஒருவரிடம் வாரத்துக்கு இரண்டு. ஆவணியிலும் தையிலும் மூன்றாவது அழைப்பு வரும்போது, ஆடியில் எடுத்த கணக்கைப் புரட்டி ஆசைப்படாமல், அடுத்த வாரம் எந்த நாள் காலியோ அதைச் சொல்கிறேன்.